ஆறுதலாகப் போவது: யாத்திரை நிறுவனத்துக்கு பிராண்ட் என்றால் என்ன?

கொக்குவிலில் சிறிய பயண அலுவலகம் தொடங்கியிருந்த ஒருவர் என்னிடம் லோகோ செய்யக் கேட்டு வந்தார். யாழ்ப்பாணத்தில் பெயர்ப்பலகை, நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் என்று வடிவமைப்பதுதான் என் தொழில். வயதானவர்களைக் கோயில்களுக்குக் கூட்டிப்போவதும், குடும்பமாக வருபவர்களுக்குப் பயணம் ஒழுங்கு செய்வதும் அவருடைய வேலை. மாதிரிக்கு என்று வேறு நிறுவனங்களின் நோட்டீஸ்கள் ஐந்தாறு கொண்டுவந்திருந்தார். எல்லாவற்றிலும் நல்லூர்க் கோபுரம், வேலோடு முருகன், ஓரத்தில் ஒரு வெள்ளை பஸ். கீழே "பாதுகாப்பான, நம்பிக்கையான, குறைந்த செலவில்".

நான் ஒவ்வொரு நோட்டீஸிலும் நிறுவனத்தின் பெயரைப் பெருவிரலால் மறைத்துக் காட்டினேன். "இது ஆருடையது, சொல்லுங்கோ பாப்பம்?" அவரால் சொல்ல முடியவில்லை. அவருடைய சொந்த நோட்டீஸையும் அந்தக் கட்டுக்குள் கலந்து வைத்தேன். அதையும் கொஞ்சம் யோசித்துத்தான் கண்டுபிடித்தார்.

பிராண்ட் என்ற சொல்லை இங்கிருந்து விளக்குவது சுலபம். லோகோவும் நிறமும் பெயர்ப்பலகையும் பிராண்டின் உடுப்பு மட்டும்தான். உங்கள் பெயரைக் கேட்டவுடன் ஒருவர் மனதில் "இவர்களிடம் போனால் இப்படித்தான் நடக்கும்" என்று ஓர் எதிர்பார்ப்பு எழுகிறதே, அதுதான் பிராண்ட். பெயரை மறைத்தால் யார் என்று தெரியாது என்றால், அந்த எதிர்பார்ப்பு இன்னும் உருவாகவில்லை என்று பொருள். முருகனைப் போட்டதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் முருகன் எல்லோருக்கும் பொது. அவரை ஒரு நிறுவனம் தன் அடையாளமாக்க முடியாது. இன்னொரு சின்னக் கரைச்சலும் உண்டு. சாமிப் படம் போட்ட நோட்டீஸைக் கிழிக்கவோ குப்பையில் போடவோ எங்கள் ஆட்களுக்கு மனம் வராது. வாங்கி, வாசிக்காமலே, எங்காவது பத்திரமாக வைத்துவிடுவார்கள்.

சரி, அந்த எதிர்பார்ப்பு எங்கிருந்து வரும்? உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிப்பதைவிட, ஏற்கெனவே வந்துபோனவர்களிடம் கேட்பது நல்லது. அவர் அதற்குள் நான்கு பயணங்கள் நடத்தியிருந்தார். பயணிகளில் பத்துப் பேரைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன்: "எங்களைப் பற்றிப் பக்கத்து வீட்டு ஆட்களிட்டச் சொல்லுறதெண்டால் என்ன சொல்லுவியள்?" பதிலை அழகுபடுத்தாமல், அவர்கள் பேசியபடியே எழுத வேண்டும். அதுதான் நிபந்தனை.

இரண்டு பேர் விலையைச் சொன்னார்கள். ஒருவர் சாப்பாட்டைச் சொன்னார். ஆறு பேரின் பதிலில் ஒரே சொல் வந்தது. மானிப்பாயில் இருக்கும் ஓர் அம்மா சொன்னதை அவர் அப்படியே எழுதிவந்திருந்தார்: "அந்தத் தம்பி ஆறுதலாக் கூட்டிக்கொண்டு போவார். ஆரையும் அவசரப்படுத்த மாட்டார்."

யாழ்ப்பாணத்தில் "ஆறுதலாக வாங்கோ" என்றால் மெதுவாக வாருங்கள், அவசரம் இல்லை என்று அர்த்தம். எழுத்தில் அதே சொல் மனதுக்குக் கிடைக்கும் தேறுதலையும் குறிக்கும். எழுபது வயதில் முழங்கால் வலியோடு கோயிலுக்குப் போகிறவருக்கு இரண்டுமே வேண்டும். ஒரு விளம்பர நிறுவனத்துக்குக் காசு கொடுத்தாலும் இப்படி ஒரு சொல் கிடைத்திருக்காது. இதையே பெயராக வைப்போம் என்று அவர் துள்ளினார். நான் வேண்டாம் என்றேன், ஏனென்று பிறகு சொல்கிறேன். அந்தச் சொல் அவருடைய வாக்குறுதியாக இருக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

பிராண்ட் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் "ஆறுதலாகக் கூட்டிப்போவோம்" என்று நோட்டீஸில் போடுவதற்கும் "நம்பிக்கையான சேவை" என்று போடுவதற்கும் இப்போதைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. இரண்டும் யாரும் எழுதக்கூடிய வரிகள். அந்த வரியை மீறினால் பிடிபடுகிற மாதிரி ஆக்கினால்தான் அது வாக்குறுதி ஆகும். அதற்கு ஒரே வழி, சொல்லை அளவாக மாற்றுவது.

திருகோணமலைப் பயணத்தை எடுத்து மேசையில் வைத்தோம். யாழ்ப்பாணத்தில் இருந்து வவுனியா வழியாகப் போனால் ஏறத்தாழ 240 கிலோமீட்டர். அதிகாலை மூன்று மணிக்கு வெளிக்கிட்டு, கோணேசரைக் கும்பிட்டு, கன்னியா வெந்நீர் ஊற்றில் குளித்து, அன்றிரவே வீடு திரும்புகிற பயணங்கள் உண்டு. இளம் ஆட்களுக்கு அது சரி. எங்கள் கணக்கு இப்படி வந்தது: மூன்று நாள், இரண்டு இரவு. காலை ஆறரைக்குப் புறப்பாடு. ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் வான் நிற்காமல் ஓடாது. நிற்கும் இடம் ஒவ்வொன்றிலும் கொமோட் உள்ள மலசலகூடம் இருக்கும், அதைப் பயணத்துக்கு முன்னர் யாராவது நேரில் போய்ப் பார்த்திருப்பார்கள். முதல் நாள் கோயில் இல்லை, போய்ச் சேர்ந்து படுத்து எழும்புவது மட்டும்தான். இரண்டாம் நாள் வெயில் ஏறுமுன் திருக்கோணேச்சரம், பின்னேரம் பத்திரகாளி அம்மன். மூன்றாம் நாள் கன்னியா, பிறகு வீடு. அறைகள் எல்லாம் தரைத்தளத்தில்.

ஒன்றரை மணி என்ற அளவு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். பிரஷருக்குக் குடிக்கும் சில குளிசைகள் சலத்தைக் கூட்டும். அதனால் பயணத்தன்று காலையில் தண்ணீரே குடிக்காமல் ஏறுகிற அம்மாமார் இருக்கிறார்கள். இன்னும் சிலர் அந்தக் குளிசையையே விட்டுவிட்டு வருவார்கள். வானை நிறுத்தச் சொல்லிக் கேட்க வெட்கம், அதுதான் காரணம். எங்கே எத்தனை மணிக்கு நிற்கும் என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தால் அந்தப் பயம் பாதி போய்விடும். ஏ-9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரிடம் எப்படியும் எல்லா வாகனமும் நிற்கும். தேங்காய் உடைத்து, கச்சான் வாங்காமல் அந்த இடத்தைத் தாண்டுகிறவர்கள் குறைவு. அந்த வழக்கமே எங்களுடைய முதல் தரிப்பு ஆயிற்று. அடுத்தது வவுனியா, அதற்கடுத்தது ஹொரவப்பொத்தானைப் பக்கம்.

இப்போது அந்த வாக்குறுதிக்கு ஒரு விலை இருப்பதைக் கவனியுங்கள். பதினான்கு பேர் இருக்கக்கூடிய வானில் பதினான்கு பேரை ஏற்றினால் ஒருவருக்கும் கால் நீட்ட முடியாது. ஒன்பது பேர் என்று வைத்துக்கொண்டோம். உதாரணத்துக்கு வான், சாரதி, எரிபொருள் எல்லாம் சேர்த்து மூன்று நாளுக்கு 90,000 ரூபாய் என்றால், பதினான்கு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 6,430 ரூபாய் அளவில் வரும். ஒன்பது பேருக்குப் பிரித்தால் 10,000. அந்த 3,570 ரூபாய்தான் "ஆறுதல்" என்ற சொல்லின் விலை. அதை வாங்கத் துணிவில்லாமல், ஒன்பது பேர் என்று நோட்டீஸில் போட்டுவிட்டுக் கடைசி நேரத்தில் "இன்னும் ரெண்டு பேர்தானே" என்று ஏற்றினால், வாக்குறுதி அன்றைக்கே முடிந்தது. "குறைந்த செலவில்" என்ற வரியை அவருடைய நோட்டீஸில் இருந்து எடுக்கச் சொன்னது இதனால்தான். குறைந்த செலவும் ஒன்பது பேரும் ஒரே வானில் ஏறாது. அதை வெட்டும்போது அவருக்குக் கை நடுங்கியது, பொய் சொல்லவில்லை.

அப்புறம் நயினாதீவு. யாழ்ப்பாணத்தில் யாத்திரை நிறுவனம் நடத்திக்கொண்டு நாகபூசணி அம்மன் கோயிலை விடுவதா என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குள் கால் வைக்கும் அந்த ஒரு நிமிடத்தை யோசியுங்கள். படகு அசையும், கீழே இறங்கி உள்ளே போக வேண்டும், பின்னால் நிற்கிறவர்கள் அவசரப்படுவார்கள். நாங்கள் பயணத்தை நீக்கவில்லை. நோட்டீஸில் அதன் கீழே ஒரு வரி சேர்த்தோம்: "படகில் ஏற முழங்கால் மடக்க வேண்டும். முடியாதவர்கள் முதலில் எங்களுடன் பேசுங்கள்." இந்த வரியால் ஆட்கள் குறைவார்கள் என்று அவர் பயந்தார். நடந்தது என்னவென்றால், அந்த வரியைப் பார்த்து வேறு பயணங்களுக்குக் கூப்பிட்டார்கள். யாருக்குச் சரிவராது என்று சொல்கிறவன் மற்ற இடத்தில் "சரிவரும்" என்றால் நம்பலாம் என்று ஆட்களுக்குத் தோன்றுகிறது. கோணேச்சரத்துக்கும் அதே மாதிரி, கோட்டைக்குள்ளால் போய் வாகனம் நிற்கும் இடத்தில் இருந்து சந்நிதி வரைக்கும் உள்ள படிகளை அவரே போய் எண்ணி, பயணத் தாளில் எழுதினார். படி எண்ணிக்கை போட்ட பயணத் தாளை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

இதுவரை பயணியைப் பற்றி மட்டும் பேசினேன். இந்தத் தொழிலில் பலரும் தவறவிடுகிற விஷயம் ஒன்று உண்டு: போகிறவர் ஒருவர், காசு கொடுப்பவர் இன்னொருவர். அம்மா சுன்னாகத்தில் இருப்பார், மகள் ரொறன்ரோவில். முடிவெடுப்பதும் பெரும்பாலும் மகள்தான். இருவருக்கும் வேண்டியது ஒன்றல்ல. அம்மாவுக்குக் கோயிலில் ஆறுதலாகக் கும்பிட வேண்டும். மகளுக்கு "அம்மா விழுந்துபோனால் என்ன செய்வது" என்ற பயம். நோட்டீஸ் அம்மாவுக்குப் போகும், மகள் அதைப் பார்க்கவே மாட்டாள். மகள் பார்ப்பது வட்ஸ்அப்பில் வருவதை.

ஆகவே வாக்குறுதிக்கு இரண்டாவது முகம் ஒன்று வேண்டும். மகளுக்கான முகம். பயணம் நடக்கும் ஒவ்வொரு நாளும் இரண்டு செய்திகள், தவறாமல், ஒரே நேரத்தில். நேரத்தைக்கூடக் கணக்குப் பார்த்தோம். ரொறன்ரோ கோடையில் எங்களைவிட ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். இங்கே இரவு ஏழரைக்கு அனுப்பினால் அங்கே காலை பத்து மணி, லண்டனில் பிற்பகல் மூன்று. இங்கே காலை ஆறு மணிக்கு அனுப்பினால் ரொறன்ரோவில் முதல் நாள் இரவு எட்டரை, மகள் படுக்கப் போகுமுன் பார்ப்பாள். மத்தியானம் அனுப்பினால் அங்கே நடுச்சாமம் கடந்திருக்கும். போன் அடித்தால் நெஞ்சு திடுக்கிடும். அதனால் மத்தியானச் செய்தி கிடையாது. செய்தியில் கோயில் கோபுரப் படம் வேண்டாம், அம்மா இருந்து சாப்பிடுகிற படம் போதும். கீழே ஒரு வரி: இரவுக் குளிசை குடித்தாச்சு.

மகள் முன்பதிவு செய்யும்போது நிரப்பக் கொடுக்கும் தாளும் பிராண்டின் பகுதிதான். குடிக்கும் மருந்துகள், ஒவ்வாமை, வழமையாகப் பார்க்கும் வைத்தியர், அவசரத்துக்கு யாழ்ப்பாணத்திலேயே இருக்கும் ஒரு சொந்தக்காரரின் இலக்கம். இவற்றைக் கேட்காமல் பணத்தை மட்டும் கேட்கிற நிறுவனத்தைவிட, கேட்கிற நிறுவனம் வேறு என்று மகளுக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிடும். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு செய்திருந்தால் பதிவு இலக்கத்தை இந்தத் தாளின் தலையில் போடுங்கள். அம்மா அதைப் பார்க்க மாட்டார், மகள் கட்டாயம் பார்ப்பாள்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். "ஆறுதல்" என்று பெயர் வைக்க வேண்டாம் என்றதற்குக் காரணம், அது அன்றாடச் சொல். அதே சொல்லை வைத்திருக்கும் வேறு அமைப்புகளோடு குழம்பும், தேடினால் உங்களைக் காண முடியாது. எதிர்ப்பக்கத்தில் "யாழ் யாத்திரா டூர்ஸ்" மாதிரிப் பெயர்களுக்கு வேறு பிரச்சினை. இலங்கையில் வர்த்தகக் குறியைக் கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதியலாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டப்படி ஒரு பதிவு பத்து ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். ஆனால் இடப்பெயரும் தொழிலின் பெயரும் மட்டும் சேர்ந்த சொற்களுக்குப் பொதுவாகப் பதிவு கிடைக்காது. யாழ்ப்பாணத்தில் யாத்திரை நடத்துகிற எவரும் அந்தச் சொற்களைப் பாவிக்க உரிமை உள்ளவர்தானே. வியாபாரப் பெயர்ப் பதிவு வேறு, வர்த்தகக் குறிப் பதிவு வேறு. முதலாவதை வைத்துக்கொண்டு பெயர் தனக்கே சொந்தம் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் பலர்.

பெயரைச் சோதிக்க நான் வைத்திருக்கும் வழி மிகவும் எளிது. எழுபது தாண்டிய ஒருவருக்குத் தொலைபேசியில் பெயரை ஒரு தடவை மட்டும் சொல்லுங்கள். அடுத்த நாள் கூப்பிட்டு என்ன பெயர் என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொன்னால் வைத்துக்கொள்ளலாம். பயண அலுவலகக்காரரிடம் மூன்று பெயர்கள் இருந்தன. அதில் இரண்டு அன்றைக்கே விழுந்தன. ஒன்றை என் பெரியம்மா ஒரு பிஸ்கற்றின் பெயர் என்று நினைத்துவிட்டார்.

நோட்டீஸின் தோற்றத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுத்து 16 புள்ளிக்குக் குறையக்கூடாது. தமிழில் தடித்த எழுத்துருவைச் சின்னதாக அச்சிட்டால் சுழி எல்லாம் மையில் அடைபட்டுப் போகும். பளபளக்கும் தாள் வேண்டாம், கண்ணில் வெண்படலம் உள்ளவர்களுக்கு அது வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். வெள்ளையில் மஞ்சள் எழுத்து வேண்டவே வேண்டாம். வயதாக ஆகக் கண்வில்லை மஞ்சளித்துக்கொண்டு போவதால் நீலத்தையும் கருநீலத்தையும் பிரித்தறிவதும் கஷ்டம். வெள்ளையில் கறுப்பு, ஒரே ஒரு அழுத்தமான நிறம். தொலைபேசி இலக்கம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக. அந்த இலக்கத்துக்குக் கூப்பிட்டால் மனிதக் குரல் எடுக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் இரண்டாவது பயணத்திலேயே ஒரு பிழை நடந்தது. அவருடைய சொந்த வான் பழுதாகிவிட்டது, வாடகைக்கு இன்னொரு வானும் சாரதியும் எடுத்தார். அந்தச் சாரதிக்குப் பிள்ளையின் பிறந்தநாள், இருட்டுமுன் வீட்டுக்குப் போக வேண்டும். திரும்பி வரும்போது வவுனியாத் தரிப்பை விட்டுவிட்டு நேரே முறிகண்டிக்கு விட்டார். யாரும் சண்டை பிடிக்கவில்லை. ஆனால் மாலையில் கூப்பிட்டுக் கேட்டபோது ஒருவரும் "ஆறுதலாக" என்ற சொல்லைச் சொல்லவில்லை. "பரவாயில்லை, நல்லா இருந்தது" என்றார்கள். வயதானவர்கள் முறைப்பாடு செய்வது குறைவு. அவர்களுடைய வாயில் அந்தச் சொல் வராமல் போவதுதான் எச்சரிக்கை. முறைப்பாடு வரும்வரை காத்திருந்தால், அதற்கு முன்பே அவர்கள் அடுத்த பயணத்துக்கு வேறு இடம் பார்த்திருப்பார்கள்.

பிழை சாரதியிடம் இல்லை. அவரிடம் யாரும் வாக்குறுதியைச் சொல்லவில்லை, நேரத்துக்குப் போய்ச் சேரும்படி மட்டும்தான் சொன்னார்கள். இப்போது வாடகைச் சாரதிக்கும் அதே பயணத் தாள் கொடுக்கப்படுகிறது. சம்பளத்தில் ஒரு பகுதி எல்லாத் தரிப்பும் நின்றால்தான். முன் ஆசனத்தில் இருக்கும் பயணி ஒருவர் தாளில் சரி போடுவார். அந்த வேலையை ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் விரும்பிச் செய்கிறார்கள், வேண்டுமென்றால் இரண்டு பேர் போட்டிக்கு வருவார்கள்.

இந்தியப் பயணம் பற்றி அவர் கேட்டபோது நான் கொஞ்சம் பிரேக் போட்டேன். பலாலியில் இருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் தொடங்கியதில் இருந்து சிதம்பரம் போவது பலருடைய ஆசை. ஆனால் கடல் கொந்தளித்தால் கப்பல் நிற்கும், அதை அவர் கையில் பிடித்து ஓட்ட முடியாது. குடிவரவு வரிசையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதும் அவர் கையில் இல்லை. தன் கையில் இல்லாததை "ஆறுதல்" என்ற சொல்லுக்குக் கீழ் விற்றால், உள்ளூரில் சேர்த்த பெயரும் அதோடு போகும். முதலில் திருக்கேதீச்சரம், முன்னேச்சரம், கதிர்காமம் என்று உள்நாட்டுப் பயணங்களை ஒரு வருடம் நடத்துவது, இந்தியப் பயணத்தை வேறு தாளில், வேறு வாக்குறுதியோடு வைப்பது என்று முடிவாயிற்று. அந்தத் தாளில் முதல் வரியே "கப்பல் நின்றால் என்ன செய்வோம்" என்பதுதான்.

கடைசியாக லோகோ. அது ஒரு பின்னேரத்தில் முடிந்தது. பெயர் கறுப்பில், கீழே ஒரு செம்மண் நிறக் கோடு. அவ்வளவுதான், அதைப் பார்த்து யாரும் வியக்கப் போவதில்லை. ஆனால் வானின் படி உயரம் என்பதால் ஏறி இறங்க அவர் ஒரு மர ஸ்டூல் செய்வித்திருந்தார். அதற்கும் அதே செம்மண் நிறம் பூசச் சொன்னேன். வான் நின்றவுடன் சாரதி இறங்கி அந்த ஸ்டூலைக் கதவடியில் வைப்பார், ஒவ்வொருவராகக் கைபிடித்து இறக்குவார். முறிகண்டியில் கச்சான் வாங்க நிற்கிற மற்ற வாகனத்து ஆட்கள் அதைத்தான் பார்க்கிறார்கள். போன மாதம் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு நிறுவனத்தின் பெயர் தெரியாமல் கேட்டாராம்: "சிவப்பு ஸ்டூல் வைக்கிற ஆக்கள்தானே?"